சாரின் அக்கறை

நம் அலுவலகங்களில் ஐம்பதைத் தாண்டிய சில சார்களுக்கு, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் மீது திடீரென்று அக்கறை சுரக்கிறது. விடிந்தும் விடியாமலும் ரோஜாப் படத்தோடு ஒரு குட் மார்னிங். மதியம் ‘சாப்டாச்சாம்மா?’ இரவு பத்தரைக்கு ‘டிபி சூப்பர், அந்தப் புடவையில கண்ணெடுக்க முடியல.’ பதினொன்றுக்கு ‘ஏன் பதிலே இல்ல, கோபமா?’ பக்கத்து மேஜைக் கணக்கர் சாப்பிட்டாரா என்று இந்த மனிதர் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தக் கணக்கருக்குச் சர்க்கரை வேறு.

வெளியே சொன்னால் ஆளாளுக்கு யோசனை. ‘அவரு அப்படித்தான், மனசுல ஒண்ணும் கிடையாது.’ ‘அண்ணான்னு கூப்பிட்டுப் பாரு.’ ‘டிபிய எடுத்துடு.’ அந்த ஆளிடம் போய் ‘போனைக் கீழே வையுமய்யா’ என்று சொல்ல மட்டும் ஒருவருக்கும் வாய் வராது. எல்லாருடைய இன்க்ரிமென்ட்டும் சாரின் பேனாவில் இருக்கிறதே!

அந்தப் பேனாவுக்குப் பயந்துதான் அந்தப் பெண்ணும் சிரிக்கிற பொம்மையை அனுப்பி ஒப்பேற்றுகிறாள். சார் அதைச் சம்மதக் கணக்கில் வரவு வைக்கிறார். ‘வேலை இருக்கு சார்’ என்றால் வேலை முடிந்ததும் வருவார். ‘வீட்டுக்காரர் திட்டுவார்’ என்றால் அவர் எப்போது ஊருக்குப் போவார் என்று விசாரிப்பார். ஆகவே காரணமே சொல்லக் கூடாது. இரண்டாவது ரோஜாவுக்கே எழுதிவிட வேண்டும்: ‘சார், இதுபோன்ற செய்திகள் எனக்கு வேண்டாம். அலுவலக வேலை பற்றி மட்டும் தொடர்புகொள்ளுங்கள்.’ பொம்மை கிடையாது, ‘தப்பா நினைக்காதீங்க’ கிடையாது. நினைக்கட்டும். இதுவரை பொம்மை அனுப்பியவர்களும் இன்று இதை எழுதலாம். சிரித்தது பத்திரம் எழுதிக் கொடுத்ததாகாது.

அருவருப்பில் கை முதலில் போவது அழிக்கத்தான். அழிக்காதீர்கள். தேதியும் நேரமும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சொந்த மின்னஞ்சலில் வையுங்கள்.

அதன் பிறகும் வழிந்தால், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தொட்டால்தான் குற்றம் என்று அது சொல்லவில்லை. பெண் விரும்பாத பாலியல் சாயலுள்ள பேச்சும் அதில் அடங்கும். பத்துப் பேராவது வேலை பார்க்கும் இடத்தில் பெண் தலைமையில் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். அதற்குக் குறைவென்றால் மாவட்டத்தின் உள்ளூர்க் குழு. ‘பெரிய மனுஷன், சமாதானமாப் போயிடலாம்’ என்று குழுவே குழையும். ஆனால் சமரசம் அந்தப் பெண் கேட்டால் மட்டும்தான். அந்தப் பேனாவுக்கும் வழி உண்டு. விசாரணை நடக்கும்போது அவள் எழுதிக் கேட்டால், சார் அவளுடைய பணி மதிப்பீட்டை எழுதக் கூடாது என்று குழு பரிந்துரைக்கலாம்.

கடைசிச் செய்தி வந்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 3 மாதத்துக்குள் புகாரை எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம், அவ்வளவுதான்.