பச்சையா, சிவப்பா?

அந்தக் காலத்தில் ஏற்காட்டுக்குக் கார் ஏற்றுவதென்றால் தண்ணீர்க் கேனுக்கும் ஓர் இடம் ஒதுக்க வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதி முடிவதற்குள் அம்பாசடர் ஆவி விடும். டிரைவர் பானெட்டைத் தூக்கிவிட்டு, ஒரு பீடி தீரும்வரை காத்திருந்து, ஈரச்சாக்கைப் போட்டு மூடியைத் திருகுவார். கையில் கொப்புளத் தழும்பு இல்லாதவரைப் புது டிரைவர் என்பார்கள். ஊற்றியது ஓடைத் தண்ணீரோ டீக்கடைக் குடத்துத் தண்ணீரோ, அதன் நிறத்தை யாரும் விசாரித்ததில்லை.

இப்போது நாகரிகம் முற்றிவிட்டது. அடிவாரத்துக் கடையில் முதல் கேள்வியே, "பச்சையா, சிவப்பாண்ணே?"

கூலண்டின் நிறம் வெறும் சாயம். கசிவு கண்ணில் படவும், ஒரு கம்பெனி தன் சரக்குகளைப் பிரித்துக் காட்டவும் கலப்பது. எந்த ரசாயனத்துக்கு எந்த நிறம் என்று பொதுவிதி ஏதும் கிடையாது. துருவைத் தடுக்க ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் பாஸ்பேட் சேர்த்து, சிலிக்கேட்டைத் தவிர்ப்பார்கள். ஐரோப்பியர்களோ, கடின நீரோடு சேர்ந்து படிவாகும் என்று பாஸ்பேட்டைத் தவிர்ப்பார்கள். இரண்டுமே இளஞ்சிவப்பில் வரும். பச்சையிலும் இரண்டாண்டில் மாற்ற வேண்டிய பழைய வகை உண்டு, நீண்டநாள் உழைக்கும் புதிய வகையும் உண்டு. பொருந்தாதவற்றைக் கலந்தால் துருத்தடுப்பு சீக்கிரம் தீர்ந்துபோகும்; சில சமயம் கூழாகத் திரண்டு ரேடியேட்டரை அடைக்கும். ஆகவே வண்டியின் கையேட்டில் சொன்ன வகையும் தர எண்ணும் கேனின் பின்பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதே வழி. உள்ளே இருப்பது எதுவென்று தெரியாவிட்டால் முழுக்கக் கழுவிவிட்டு நிரப்ப வேண்டும்.

ஏற்காட்டில் தண்ணீர் உறையாதே, கூலண்டில் கிளைக்கால் எதற்கு என்பார்கள். துருத்தடுப்பு அதே கேனில்தான் வருகிறது. 1,500 மீட்டர் உயரத்தில் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும் வெறும் தண்ணீருக்கு அது சில டிகிரி கூடுதலும் தரும். அதற்காகக் கலக்காமலே ஊற்றுவதும் வீண்: தண்ணீர் அளவுக்குக் கிளைக்கால் சூட்டைச் சுமக்காது. 'ரெடி மிக்ஸ்' என்றிருந்தால் அப்படியே ஊற்ற வேண்டும். கான்சென்ட்ரேட் என்றால் கேனில் போட்ட விகிதத்தில் டிஸ்டில்டு வாட்டர் சேர்க்க வேண்டும். சேலத்துப் போர்த் தண்ணீர் உப்பைப் படியவிடும்.

கணக்கு சறுக்குவது வேறிடத்தில். ஆறு லிட்டர் பிடிக்கும் வண்டியைக் கழுவி வடித்தால் நாலு லிட்டர்தான் வரும். இரண்டு லிட்டர் தண்ணீர் இன்ஜினுக்குள்ளேயே தங்கிவிடும். வாளியில் பாதிக்குப் பாதி கலந்து நாலு லிட்டர் ஊற்றினால், உள்ளே இருப்பது மூன்றில் ஒரு பங்கு கூலண்ட்தான். பாதிக்குப் பாதி வேண்டுமென்றால் முதலில் மூன்று லிட்டர் கான்சென்ட்ரேட், பிறகு ஒரு லிட்டர் தண்ணீர். வண்டி ஓடி, ஆறிய பிறகு ஒரு சொட்டு எடுத்து ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்தால் உண்மை தெரிந்துவிடும்.

கடையில் அதைக் கேட்டேன். "மீட்டரெல்லாம் இல்லண்ணே. புதுசா நீலம் வந்திருக்கு, பாக்குறீங்களா?"