மார்கழியில் ஒரு ராஜினாமா

அபிஷேகப்பாக்கத்தில் யார் வீட்டுக்குப் பிரெஞ்சுக் காகிதம் வந்தாலும் அது கடைசியில் என் திண்ணைக்குத்தான் வரும். பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு அரசாங்கம் பென்ஷன் தருகிறது, ஊர் தண்டனை தருகிறது. 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்த குடும்பங்கள் உண்டு. அவர்களுடைய பேரன்கள் இன்று பாரீஸிலும் லியோனிலும் இருக்கிறார்கள். தாத்தாக்கள் இங்கேயே இருந்துகொண்டு, தாங்கள் உயிரோடுதான் இருக்கிறோம் என்பதை வருஷந்தோறும் காகிதத்தில் நிரூபிக்கிறார்கள். அந்தக் காகிதத்தையும் நான்தான் நிரப்புகிறேன்.

இந்த முறை வந்தது என் அக்கா மகனின் காகிதம். லியோனில் சாஃப்ட்வேர் எழுதுகிறான். 2024 செப்டம்பர் 2 அன்று சேர்ந்த கம்பெனியை டிசம்பரில் விட வேண்டுமாம். வேறு இடத்தில் நல்ல சம்பளம்; ஜனவரியிலேயே வரச் சொல்கிறார்கள். "மாமா, மெயில் எழுதிட்டேன், ஒரு தடவ பாத்துக் குடுங்க" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான்.

பார்த்தேன். இரண்டு பக்கம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் புது வெர்ஷனை ஏற்றச் சொல்லும் மேலதிகாரி, இவன் எழுதிய கோடை ராத்திரியோடு ராத்திரியாக மாற்றி எழுதும் சக ஊழியர், காசைத் தின்றுவிட்டுக் காப்பி தராத மிஷின் என்று எல்லோரும் அதில் இருந்தார்கள். என்றைக்கு வேலையை விடுகிறான் என்பது மட்டும் இல்லை.

பக்கத்து வீட்டுச் சொல்தா தாத்தா அந்த நேரம் பார்த்து உயிர்ச் சான்றிதழோடு வந்து உட்கார்ந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அல்ஜீரியா வரைக்கும் போய்வந்தவர். நான் வாசிக்க வாசிக்கத் தொடையில் தட்டிக்கொண்டு கேட்டார். "வுடாத! அந்தக் காப்பி மிஷின இன்னும் நல்லா உள்ள எறக்கு" என்றார்.

முழுவதையும் வெட்டினேன். காரணம் மரியாதை இல்லை, சட்டம். பிரான்சில் வேலையை விடுகிறவன் காரணம் சொல்லத் தேவையில்லை. விடுவதாகத் தெளிவாக, சந்தேகமில்லாமல் சொன்னால் போதும். கோபத்தில் கொட்டினால்தான் ஆபத்து. கம்பெனி மேல் குற்றம் சுமத்தி எழுதும் ராஜினாமா, பின்னால் நீதிமன்றம் போனால் ராஜினாமாவாகவே எடுத்துக்கொள்ளப்படாமல் போகலாம். வக்கீல்களுக்கு அது நல்ல தீனி. மருமகனுக்கு வேண்டியது வழக்கு இல்லை, விடுதலை.

அடுத்த சிக்கல் தலைப்பில். 'தெமிசியோன்' என்று போட்டிருந்தான். ராஜினாமா என்றால் பிரான்சில் முன்னறிவிப்புக் காலம் உண்டு. அவனுடைய சம்பளச் சீட்டை அனுப்பச் சொன்னேன். அதில் 'காத்ர்' என்றும், ஐ.டி. கம்பெனிகள் பெரும்பாலும் பின்பற்றும் 'சேந்தெக்' கூட்டு ஒப்பந்தத்தின் எண் 1486 என்றும் இருந்தது. காத்ர் என்றால் எஞ்சினியர், அதிகாரி வகை. அந்த வகைக்கு ராஜினாமா முன்னறிவிப்பு மூன்று மாதம். ஓ.எம்.ஆர். சாலையில் உட்கார்ந்து நோட்டீஸ் பீரியட் எண்ணுகிறவர்களுக்கு இந்த எண் ரொம்பப் பழக்கம்.

ஆனால் பையன் இன்னும் சோதனைக் காலத்தில் இருந்தான். காத்ர்களுக்குச் சட்டப்படி அது நான்கு மாதம் வரை. அவன் ஒப்பந்தத்திலும் நான்கு மாதம்தான் எழுதியிருந்தது. அதாவது ஜனவரி 1 முடிய. அதற்குள் கிளம்பினால் அது ராஜினாமாவே இல்லை, சோதனைக் காலத்தை முறித்துக்கொள்வது. எட்டு நாளுக்கு மேல் வேலை பார்த்த ஊழியன் அதற்குக் கொடுக்க வேண்டிய முன்னறிவிப்பு 48 மணி நேரம். எட்டு நாளுக்குக் குறைவென்றால் 24 மணி நேரம். அவ்வளவுதான்.

இதைச் சொன்னதும் பையன் குதித்தான். அக்கா குதிக்கவில்லை. "மார்கழி பொறக்குதுடா. நல்லது கெட்டது எதுவும் வேணாம். தை ஒண்ணாந்தேதி பொங்கல் வச்சிட்டு அனுப்பட்டும்" என்றாள்.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது பிரான்சில் செல்லாது. தை ஒன்று, ஜனவரி 14. சோதனைக் காலம் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். அன்று அதே மெயிலை அனுப்பினால் மூன்று மாதக் கணக்கு தொடங்கி, சித்திரை ஒன்று அன்றுதான் பையன் வெளியே வருவான். சொல்லாமல் நின்றுவிட்டால் மிச்ச நாள் சம்பளத்தைக் கம்பெனி நஷ்ட ஈடாகக் கேட்கலாம். விட்டுவிடுங்கள் என்று கெஞ்சலாம். அவர்கள் சம்மதித்தால் போகலாம், ஆனால் வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. கம்பெனியே தானாக 'நீ வர வேண்டாம்' என்று அனுப்பினால்தான் வீட்டில் உட்கார வைத்து முழுச் சம்பளமும் தர வேண்டும். இதையெல்லாம் அக்காவிடம் விளக்கினேன். கடைசியில் "வேலைய விடறது என்ன நல்ல காரியமா, மார்கழி பாக்கறதுக்கு?" என்று கேட்டேன். அதுதான் வேலை செய்தது.

மெயில் இப்படி ஆனது. தலைப்பில் 'ரூப்த்யூர் த லா பெரியோத் தெஸ்ஸே'. முதல் வரியில், இன்ன தேதியில் டெவலப்பராகச் சேர்ந்த நான் சோதனைக் காலத்தை முடித்துக்கொள்ள முடிவு செய்துள்ளேன் என்பது. அடுத்த வரியில், சட்டப்படி 48 மணி நேர முன்னறிவிப்பு, ஆகவே டிசம்பர் 18 காலையோடு என் வேலை முடிகிறது. மூன்றாவது வரியில், வேலைச் சான்றிதழ், 'பிரான்ஸ் திரவாய்' அலுவலகத்துக்கான சான்று, கணக்கு முடித்த ரசீது ஆகிய மூன்றையும் தரும்படி வேண்டுகோள். எடுக்காத லீவுக்கான பணமும் அந்தக் கணக்கில் வரும். ரசீதில் கையெழுத்துப் போட்டாலும் ஆறு மாதத்துக்குள் மறுக்கலாம் என்பதால் பையனைப் பயமில்லாமல் போடச் சொன்னேன். நம்மூர் ரிலீவிங் லெட்டர் போல இந்த மூன்றையும் கம்பெனி பிடித்து வைத்து விளையாட முடியாது.

கடைசி வரி: 'ழெ வூ பிரீ தக்ரேயே, மதாம், லெக்ஸ்பிரஸ்ஸியோன் த மே சலூத்தாசியோன் தீஸ்தேங்கே.' அம்மணி, என் மேலான வணக்கங்களின் வெளிப்பாட்டை ஏற்றருளுமாறு வேண்டுகிறேன். "ரெண்டு நாள்ல ஓடப்போறேன், இதுக்கு இவ்ளோ கும்பிடா?" என்றான் பையன். கும்பிடாமல் ஓடினால் அவர்கள் அதை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள் என்றேன்.

கிடைக்கவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அதனால் மெயிலோடு விடாமல், அதையே அச்செடுத்து நேரில் கொடுத்து, நகலில் தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்து வாங்கச் சொன்னேன். நேரில் முடியாதென்றால் பதிவுத் தபால். 48 மணி நேர ஆட்டத்தில் தபாலை நம்பி உட்கார முடியாதே.

டிசம்பர் 16, திங்கட்கிழமை. மார்கழி ஒன்று. லியோனில் காலை பத்து மணி, நமக்கு மதியம் இரண்டரை. ராகு காலத்தை எந்த ஊர்க் கடிகாரத்தில் பார்ப்பது என்று அக்கா கேட்டாள். திங்கட்கிழமை ஏழரை டு ஒன்பது. எந்த ஊர்க் கடிகாரத்தில் பார்த்தாலும் தாண்டியாகிவிட்டது. அனுப்பினான். பதினைந்து நிமிடத்தில் மனிதவளத்துறை அம்மணியிடமிருந்து பதில்: கிடைத்தது, லேப்டாப்பை எங்கே வைப்பீர்கள்? கீழே அவரும் மேலான வணக்கங்களின் வெளிப்பாட்டை அனுப்பியிருந்தார்.

சொல்தா தாத்தாவுக்கு மனசு ஆறவில்லை. மெயிலின் நகலைக் கண்ணுக்கு நேரே பிடித்து, மேலும் கீழும் பார்த்தார்.

"எல்லாம் சரி வாத்தியாரே. பிரெஞ்சுக்காரன் வேலைய வுடறான். பென்சியோன் எவ்ளோன்னு எழுதவே இல்லியே?"

"நாலு மாசம்கூட ஆகல தாத்தா. பென்சியோன் எங்க வரும்?"

"நாங்க பதினஞ்சு வருஷம் போட்டோம்" என்றார். "இவன் அவசரக் குடுக்க."