சிக்கனச் செம்மலுக்குப் பேத்தி எழுதுவது

அன்புள்ள தாத்தா,

சிக்கனத்தில் உங்களை மிஞ்ச நம் குடும்பத்தில் ஆள் கிடையாது. ஆளில்லாத அறையில் எரியும் விளக்கை அணைப்பதுபோல, பேசி முடித்த கையோடு மொபைல் டேட்டாவையும் அணைத்துவிடுகிறீர்கள். கரண்ட் எரிந்த அளவுக்குத்தான் பில் வரும். டேட்டாவுக்கு ரீசார்ஜ் செய்த அன்றே முழுப் பணமும் போய்விட்டது. உங்கள் பிளானில் ஒரு நாளைக்கு 1.5 ஜிபி, 28 நாளுக்கு 42 ஜிபி. அன்றன்று மிஞ்சுவது நள்ளிரவோடு போய்விடும், மறுநாள் கணக்கில் சேராது. காசைக் கட்டிவிட்டுப் பொருளைத் தொடாமல் கம்பெனிக்கே திருப்பிக் கொடுக்கும் இந்தக் கொடையுள்ளம் கர்ணனுக்கும் வாய்க்கவில்லை.

ரகசியம் காப்பதிலும் நீங்கள் வல்லவர். ரத்தப் பரிசோதனை முடிவை லேபிலிருந்து உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டார்கள். உங்கள் சர்க்கரை அளவை உங்களிடமிருந்தே மூன்று நாள் மறைத்து வைத்த பெருமை வேறு யாருக்கு வரும்? நாங்கள் அனுப்பும் எதற்கும் ஒற்றை டிக்தான் விழுகிறது. எங்கள் போனை விட்டுப் போய்விட்டது, உங்கள் போனுக்கு வந்து சேரவில்லை என்று அதற்கு அர்த்தம். வந்து சேர்ந்தால் இரண்டு டிக் விழும்.

இதையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அதே ஒற்றை டிக்கோடு நின்றிருக்கும். எஸ்எம்எஸ்ஸுக்கு டேட்டா வேண்டாம்தான், ஆனால் இவ்வளவு நீளம் தாங்காது. அதனால் பெரிய எழுத்தில் அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

திரையின் உச்சி விளிம்பில், மணி தெரிகிற இடத்தில், விரலை வைத்துக் கீழ்நோக்கி இழுங்கள். சின்னச் சின்னப் பொத்தான்கள் இறங்கி வரும். சில மட்டுமே தெரிந்தால் இன்னொரு முறை இழுங்கள். அதில் ஓர் அம்பு மேலே பார்த்தும் ஓர் அம்பு கீழே பார்த்தும் நிற்கும் படம் இருக்கும், ‘மொபைல் டேட்டா’ என்று எழுதியிருக்கும். அது சாம்பல் நிறமாக இருந்தால் டேட்டா அணைந்திருக்கிறது. ஒரே ஒரு முறை தொட்டு, உடனே விரலை எடுங்கள். நிறம் மாறிப் பளிச்சென்று தெரிந்தால் வேலை முடிந்தது.

இங்கேதான் உங்கள் உறுதி வெளிப்படும். எதைத் தொட்டாலும் கைநாட்டு வைப்பதுபோல் அழுத்தமாக, நீண்ட நேரம் அழுத்துகிறீர்கள். அப்படிப் பிடித்து அழுத்தினால் பொத்தான் மாறாது, வேறொரு அமைப்புப் பக்கம் திறந்துகொள்ளும். வந்ததா என்று சந்தேகப்பட்டு மறுபடி தொடுவீர்கள், வந்ததும் அணைந்துபோகும். எதையும் ஒரு முறைக்கு இரு முறை சரிபார்க்கும் அந்தப் பொறுப்புணர்ச்சியை இந்தப் பொத்தானிடம் மட்டும் காட்ட வேண்டாம்.

பிறகு திரையின் மேல் ஓரத்தைப் பாருங்கள். சிக்னல் கோடுகளின் பக்கத்தில் 4G அல்லது 5G என்று தெரிய வேண்டும். விமானப் படம் தெரிந்தால், வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே விமானத்தில் ஏறிவிட்டீர்கள் என்று பொருள். அந்த நிலையில் சாதாரண அழைப்புகூட வராது. பொத்தான்களுக்கு நடுவே அதே விமானப் படம் இருக்கும், அதை ஒரு முறை தொட்டு அணையுங்கள்.

4G தெரிந்தும் எதுவும் திறக்கவில்லையா? உங்கள் நன்றி மறவாத குணம்தான் காரணமாக இருக்கும். பழைய நம்பரை விட மனமில்லாமல் முதல் சிம்மாக வைத்திருக்கிறீர்கள், ரீசார்ஜ் செய்வதோ இரண்டாவது சிம்முக்கு. டேட்டா முதல் சிம்முக்குப் போட்டிருந்தால், பணம் கட்டிய சிம் சும்மா கிடக்கும். அமைப்புகளில் சிம் பக்கத்துக்குப் போய், மொபைல் டேட்டாவுக்கு இரண்டாவது சிம்மைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதை மட்டும் அப்பா பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

டேட்டாவை விட்டுவைத்தால் பணம் தானாகப் பிடிப்பார்கள் என்ற பயம் வேண்டாம். உங்களுடையது ப்ரீபெய்டு. 1.5 ஜிபி தீர்ந்தால் வேகம் மிகவும் குறையும், நள்ளிரவுக்குப் பின் பழையபடி வரும். அவ்வளவுதான்.

அத்தை இன்று இரவு எட்டு மணிக்கு வீடியோ காலில் வருவாள். குழந்தை உட்காரப் பழகிவிட்டது, உங்களிடம் காட்ட வேண்டுமாம். ஏழரைக்கே டேட்டாவைப் போட்டுவிடுங்கள் தாத்தா. பேசி முடித்த பிறகும் தயவுசெய்து அணைக்காதீர்கள்.