நாட்டில் இல்லாத டொக்டருக்கு நம்பர் 23

கொள்ளுப்பிட்டியில் உள்ள தனியார் வைத்தியசாலையொன்றின் நிர்வாகத்தினருக்கு (பெயரை எழுதினால் இலவச விளம்பரமாகிவிடும்),

போன கிழமை உங்கள் ரிசெப்ஷனில் நடந்த பேச்சை அப்படியே தருகிறேன்.

"பிள்ளை, ஆறு மணிக்கு எங்கட டொக்டரைச் சனல் பண்ணியிருக்கிறன்."

"அவர் இல்ல அங்கிள். வேற டொக்டர் இருக்கார், போடவா?"

"அவர் எப்ப வருவார்?"

"அவர் வெளிநாடு போயிட்டார்."

"எப்ப போனவர்?"

"போன மாசம்."

"அப்ப முந்தநாள் காசை எடுத்து நம்பர் தந்தீங்களே?"

"அது சிஸ்டம் தந்தது அங்கிள்."

அந்தப் பிள்ளையில் பிழை இல்லை. டொக்டரிலும் இல்லை, 2022 நெருக்கடிக்குப் பிறகு இந்த நாட்டை விட்டு நூற்றுக்கணக்கான வைத்தியர்கள் போய்விட்டார்கள். போனவரையும் கைவிடாமல் அவர் பெயரில் நம்பர் கொடுக்கிறதே உங்கள் சிஸ்டம், அந்த விசுவாசத்தைத்தான் மெச்ச வேண்டும்.

"எல்லாரும் ஸ்பெஷலிஸ்ட்தானே அங்கிள்" என்று ஆறுதல் வேறு. சரியென்று உள்ளே போனேன்.

எனக்குப் பிரஷர். முன்பு எனலாப்ரில் குடித்து வறட்டு இருமலில் இரவிரவாகக் கிடந்தவன். அந்தக் குளிசை சிலருக்கு அப்படிச் செய்யும். பழைய டொக்டர் எக்ஸ்ரேயும் கேட்கவில்லை, பாணியும் எழுதவில்லை. அதை நிறுத்தி லொசார்டன் தந்தார், இருமல் நின்றது. ஏன் மாற்றினார் என்ற காரணம் அவர் தலைக்குள் இருந்தது. துண்டில் லொசார்டன் என்ற பெயர் மட்டும். புது டொக்டர் கெட்டிக்காரர்தான். பிரஷர் கூட என்று கண்டார், துண்டைப் பார்த்தார், எனலாப்ரிலுக்கு மாற்ற பேனையை எடுத்தார். நான் வாய் திறந்ததால் தப்பினேன். குளிசையின் பெயரை "வெள்ளைச் சின்னன்" என்று மட்டுமே சொல்லத் தெரிந்த, பக்கத்துக் கதிரை ஆச்சி என்ன செய்வார்?

வழமையான டொக்டரைக் கேட்பது கிழடுகளின் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். 2018இல் பிஎம்ஜே ஓப்பன் சஞ்சிகையில் 9 நாடுகளின் 22 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். அவற்றில் 18இல், ஒரே டொக்டரிடம் தொடர்ந்து போனவர்களிடையே இறப்புக் குறைவு. அதுதான் காரணமென்று அறுதியிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வருடப் பிறப்புக்குச் செக்கப் கழிவு என்று எஸ்.எம்.எஸ். அனுப்பத் தெரிந்த உங்களுக்கு, டொக்டர் போய்விட்டார் என்று ஒரு வரி அனுப்பத் தெரியாதா? இனி ஒரு டொக்டர் போகும்போது ஒவ்வொரு நோயாளியின் துண்டிலும் "ஒத்துவராத குளிசை" என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். பெயரைச் சிஸ்டத்திலிருந்து எடுங்கள். நம்பர் காசையும் திருப்பித் தாருங்கள்.

இப்படிக்கு,
நம்பர் 23,
வெள்ளவத்தை.