இல்ல விழா விடுப்புக் கடிதம்: ஓர் அமைப்பியல் ஆய்வு

குடும்ப விழாவை முன்னிட்டு வகுப்புக்கு வராத, அல்லது வரப்போகாத, பிள்ளைக்காக வகுப்பாசிரியருக்கு எழுதப்படும் ஒரு பக்கத்துக்கு மிகாத ஆவணமே இல்ல விழா விடுப்புக் கடிதம். வழக்கில் இதற்கு லீவ் லெட்டர் என்று பெயர். இதே குடும்பத்தில் மூத்தது காய்ச்சல் கடிதம். இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு காலம் பற்றியது. காய்ச்சல் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஆகவே காய்ச்சல் கடிதம் காய்ச்சலுக்குப் பின் வந்தால் யாரும் குறை சொல்வதில்லை. கல்யாணமோ மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, மாதக்கணக்கில் முன்கூட்டியே அறிவித்துவிட்டு வருகிறது. இருந்தும் கல்யாணக் கடிதம் பெரும்பாலும் கல்யாணத்துக்குப் பிறகே ஆசிரியர் மேசையை அடைகிறது. இத்துறையின் சிக்கல்கள் பலவும் இந்த ஒரு தாமதத்திலிருந்து கிளைத்தவை.

கடிதம் எந்தப் பருவத்தில் மிகுதியாகத் தோன்றும் என்பதைப் பஞ்சாங்கத்தையும் பள்ளி நாட்காட்டியையும் அருகருகே வைத்துக் கணிக்கலாம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. புரட்டாசியையும் பல குடும்பங்கள் தவிர்க்கின்றன. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் காலாண்டுத் தேர்வு செப்டம்பரில் வருவதால் அதன் பிற்பகுதி புரட்டாசியின் நிழலில் பாதுகாப்பாக நடக்கிறது. டிசம்பரின் அரையாண்டுத் தேர்வுக்கு மார்கழி அதே காவலைத் தருகிறது. முன்னோர் கல்வித் துறையைக் கலந்து ஆலோசித்து மாதங்களை ஒதுக்கியிருக்க வழியில்லை என்றாலும் விளைவு அப்படித்தான் இருக்கிறது. மிஞ்சுபவற்றில் முக்கியமானவை ஆவணி, ஐப்பசி, கார்த்திகை, தை, மாசி. கடிதங்கள் கட்டுக்கட்டாக வருவது இவற்றில்தான். வைகாசியின் முதற்பாதி கோடை விடுமுறையில் கழிவதால் அப்பாதியின் விழாக்கள் எழுத்துச் சான்று எதையும் விட்டுச்செல்வதில்லை.

எழுதுபொருள் பற்றி ஒரு குறிப்பு அவசியம். கடிதத்துக்கென வெள்ளைத்தாள் வாங்கி வைத்திருக்கும் வீடுகள் அரிது. தாள் பிள்ளையின் நோட்டிலிருந்து கிழிக்கப்படுகிறது. நடுவில் பின் அடித்த நோட்டில் ஒரு தாளை உருவினால் அதன் மறுபாதியும் பிடி தளர்ந்துவிடும். தளரும் தாளில்தான் அன்றைய வீட்டுப்பாடம் இருக்கும். பழுத்த அனுபவமுள்ள தாய்மார்கள் நடுப்பக்கத்தை மட்டுமே எடுப்பார்கள். அது இணையோடு முழுசாக வந்துவிடும், நோட்டும் குலையாது. அச்சிட்ட டைரி தரும் பள்ளிகளில் இந்தச் சேதம் இல்லை. ஆனால் அங்கே ‘காரணம்’ என்ற கட்டம் இரண்டு விரல் அகலம்தான் இருக்கும். அதில் ‘ஃபங்ஷன்’ என்ற ஒரு சொல் மட்டுமே அடங்கும் என்பதால் அவ்வகைக் கடிதங்கள் ஆய்வுக்கு அதிகம் பயன்படுவதில்லை.

தாளில் எழுதப்படும் வடிவம் பாடநூல் கற்பித்த வடிவமே. அனுப்புநர், பெறுநர், விளி, பொருள் என்று பாதிப் பக்கம் போய்விடும். தினமும் எதிரில் உட்காரும் பிள்ளையின் பெயரும் வகுப்பும் பிரிவும் ஆசிரியருக்கே எழுதித் தெரிவிக்கப்படும். பெறுநர் பகுதியில் ஆசிரியருக்கு அவருடைய பள்ளியின் முகவரி சொல்லப்படும். இவ்வளவுக்கும் பிறகு வரும் உள்ளடக்கம் ஒரே வாக்கியம். அதன் நிலைபெற்ற வடிவம் இது: “எனது தாய்மாமாவின் திருமணம் நடைபெற உள்ளதால் எனக்கு இரண்டு நாட்கள் மட்டும் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

இந்த வாக்கியத்தின் முற்பகுதி வளையக்கூடியது. ‘நடைபெற உள்ளதால்’ என்பதைக் கல்யாணம் முடிந்த பின் ‘நடைபெற்றதால்’ என மாற்றிவிடலாம். பிற்பகுதி அப்படியல்ல. ‘அளிக்குமாறு’ என்பது இன்னும் நடக்காத ஒன்றைக் கேட்பது. மணமக்கள் மறுவீடு வந்து திரும்பிய பிறகும் பிள்ளை போன வாரத்து வியாழக்கிழமையைப் பணிவுடன் கேட்டுக்கொண்டிருக்கிறது. ‘விடுப்பு எடுத்ததைப் பொறுத்தருளவும்’ என்று எழுதினால் இலக்கணம் சரியாகும். ஆனால் தவறு செய்ததாக ஒப்புக்கொண்டதுபோல் தொனிக்கும் என்பதால் பெற்றோர் அதை விரும்புவதில்லை. ஆசிரியர்களும் இந்த முரணைத் திருத்துவதில்லை. கேட்காமல் எடுக்கப்பட்டது கேட்டு எடுக்கப்பட்டதாகத் தோன்றவேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் எழுதாத உடன்பாடு உண்டு. ‘மட்டும்’ என்ற சொல்லும் கவனிக்கத்தக்கது. ஒரு நாள் என்றாலும் ஒரு வாரம் என்றாலும் அது தவறாமல் வந்து சேர்ந்துகொள்ளும்.

அடுத்த சிக்கல் ‘நான்’ யார் என்பது. கடிதத்தைப் பேசுவது பிள்ளை, எழுதுவது தாய், கையெழுத்திடுவது தந்தை. மூவரும் ஒரே தாளில் நிற்கும்போது உறவுமுறை தடுமாறுகிறது. அவசரத்தில் தாய் தன் வாயில் வருவதையே எழுதிவிடுவதுண்டு. அப்போது நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தி ‘எனது தம்பியின் திருமணம்’ காரணமாக விடுப்புக் கோருகிறாள். கீழே ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி’ என்றும் இருக்கும். தந்தை எழுதும் கடிதங்களில் இதே பிழை ‘எனது மாமனாரின் அறுபதாம் கல்யாணம்’ என்ற வடிவம் எடுக்கும். பிள்ளை எழுதியது, பெரியவர் எழுதியது என்ற பாகுபாட்டை உறுதிசெய்ய எழுத்தின் அழகை விட இந்த உறவுச்சொல்லே நம்பத்தக்க சான்று.

விழாக்கள் எல்லாம் ஒரே எடையுள்ளவை அல்ல. தாய்மாமன், சித்தி, அத்தை ஆகியோரின் திருமணத்துக்கு இரண்டு நாள் கேள்வியின்றிக் கிடைக்கும். காதுகுத்து யாருக்கு என்பதைப் பொறுத்து மதிப்பு மாறும். தம்பி தங்கைக்கு என்றால் மறுப்பே இல்லை. தாய்மாமன் மடி, மொட்டை, கிடா விருந்து என வேலைகள் நிறைந்த விழா அது. கிரகப்பிரவேசம் பெரும்பாலும் விடியுமுன் முடிந்துவிடுவதால் அதற்கு முழு நாள் கேட்பது சற்றுத் துணிச்சலான செயல். ‘வீட்டு விசேஷம்’ என்று மட்டும் எழுதுவது எல்லாவற்றையும் விட ஆபத்தானது. அது “என்ன விசேஷம்?” என்ற கேள்வியை வகுப்பு நடுவே வரவழைக்கும். பிள்ளை உண்மையைச் சொல்லிவிடும்.

இந்தக் கேள்விகளுக்கு அஞ்சியே சில குடும்பங்கள் கல்யாணத்துக்குப் போய்வந்து காய்ச்சல் கடிதம் தருகின்றன. காய்ச்சல் யாருக்கு, எந்த ஊரில், எத்தனை நாள் என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் இம்முறை உடற்சான்றுகளைக் கணக்கில் கொள்ளத் தவறுகிறது. மருதாணிச் சிவப்பு கையில் ஒரு வாரமாவது நிற்கும். மொட்டை மாதக்கணக்கில் நிற்கும். ‘கடுமையான காய்ச்சல்’ என்ற கடிதத்தை மருதாணி இட்ட விரல்கள் நீட்டும்போது ஆசிரியர் முதலில் படிப்பது விரல்களைத்தான்.

இனி ஒரு கடிதத்தை முழுமையாகப் பின்தொடரலாம். மதுரையில் ஐந்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பையன். தேவகோட்டையில் தாய்மாமன் கல்யாணம். வியாழன் மாலை வரவேற்பு, வெள்ளி காலை முகூர்த்தம், சனி மறுவீடு, ஞாயிறு மாலை திரும்புவதாகத் திட்டம். எனவே வியாழன், வெள்ளி என இரண்டே நாள் போதும். கடிதம் புதன் இரவு எழுதப்பட்டிருக்கவேண்டும். புதன் இரவு பட்டுப்புடவைக்குப் பொருந்தும் ரவிக்கை தேடப்பட்டது. ஞாயிறு மாலை கிளம்புவது “சாப்பிட்டுட்டுப் போங்க” என்பதால் இரவானது. வீடு வந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. திங்கட்கிழமை எல்லோரும் தூங்கினார்கள். செவ்வாய் காலை, வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது கடிதம் எழுதப்பட்டது.

முதல் வரைவில் ‘இரண்டு நாட்கள்’ என்று பழக்கத்தில் வந்துவிட்டது. பிறகு ‘இரண்டு’ அடிக்கப்பட்டு மேலே ‘மூன்று’ ஏறியது. இப்போது தடை எழுகிறது. வியாழனையும் வெள்ளியையும் திருமணம் தாங்கும், திங்களைத் தாங்காது. முகூர்த்தம் முடிந்து மூன்று நாளான பின் அந்தக் கல்யாணத்தையே காரணம் சொல்ல முடியாது. தாய் ‘மற்றும் பயணக் களைப்பு காரணமாக’ என்று சேர்த்தார். ‘மற்றும்’ என்ற ஒரு சொல்லால் திங்கள் காப்பாற்றப்பட்டது. ஆனால் நாள் என்ற இடத்தில் அன்றைய தேதி விழுந்துவிட்டது. வாக்கியத்தில் ‘நடைபெற உள்ளதால்’ மாற்றப்படாமல் நின்றது. அக்கடிதத்தின்படி கல்யாணம் இனிமேல்தான் நடக்கவேண்டும், களைப்பு மட்டும் முன்னதாக வந்துவிட்டது. ஆசிரியர் படித்தார், சிவப்பு மையில் ஒரு சுருக்கொப்பம் இட்டார், “உங்க மாமா என்ன வேலை பார்க்கிறார்?” என்று மட்டும் கேட்டார்.

இணைப்பாகக் கல்யாணப் பத்திரிகை வைப்பது சிறந்த நடைமுறை எனச் சிலர் கருதுகின்றனர். அதிலும் கீழே “எங்க மாமா கல்யாணத்துக்கு மறக்காம வந்துடுங்க” என்ற வரியோடு மாணவனின் பெயரே அச்சாகியிருந்தால் அதைவிட உறுதியான சான்று இல்லை. அதே பத்திரிகை முகூர்த்த நாளையும் காட்டிக்கொடுக்கும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். வெள்ளிக்கிழமைக் கல்யாணத்துக்கு செவ்வாயிலிருந்தே விடுப்பு எடுத்தவர்கள் பத்திரிகையை வீட்டிலேயே வைத்துவிட்டு லட்டும் முறுக்கும் அடங்கிய தாம்பூலப் பையை மட்டும் கொடுத்தனுப்புவது நல்லது. அதில் தேதி இருக்காது.

கடிதத்தால் வருகைப்பதிவேட்டில் எதுவும் மாறுவதில்லை என்பதையும் பதிவுசெய்யவேண்டும். வராத நாளில் போடப்பட்ட வராமைக் குறி அப்படியேதான் இருக்கும். கடிதம் வராமையை விளக்குமே தவிர வருகையாக்காது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பொதுத்தேர்வு எழுதத் தேவையான 75 சதவீத வருகையைக் கணக்கிடும்போதும் கல்யாணத்துக்குப் போன நாள் வராத நாள்தான். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் வருகை செயலி வழியே அன்றன்றே பதிவாகிவிடுகிறது. செவ்வாய்க்கிழமைக் கடிதத்துக்காக வியாழக்கிழமைப் பதிவு காத்திருப்பதில்லை. கடிதம் பதிவேட்டின் பக்கங்களுக்கிடையே செருகப்பட்டு, மாதக்கடைசியில் மற்றக் கடிதங்களோடு ஒரு குண்டூசியில் சேரும். ஆண்டு இறுதியில் கட்டோடு கழிக்கப்படும்.

அண்மைக்காலத்தில் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் “மிஸ், நாளைக்கு ஃபங்ஷன், லீவ்” என்று அனுப்பும் முறை பரவியிருக்கிறது. இது முன்கூட்டியே வருகிறது என்பதால் பழைய காலச்சிக்கலைத் தீர்த்துவிடும் என எதிர்பார்க்கப்பட்டது. ஆசிரியரும் கட்டைவிரல் உயர்த்திய குறியைப் போட்டுவிடுகிறார். ஆயினும் பிள்ளை திரும்பி வரும் காலையில், “லெட்டர் எங்கே?” என்று கேட்கப்படுகிறது. பிள்ளை நோட்டின் நடுப்பக்கத்தைத் திறக்கிறது.