பிரேசர் டவுன் அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

ஒரு மாதம் உன் வீட்டில் இருக்கப்போகும் என் மகனுக்கு ஒன்றே முக்கால் வயது. 1 முதல் 2 வயது வரை 11-லிருந்து 14 மணி நேரத் தூக்கம் என்று 2019-இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. பகல் தூக்கமும் இதில் சேர்த்தி. இரண்டு வயதுக்குள் திரை தேவையில்லை என்றும் சொன்னது. நாங்கள் அப்படியே கடைப்பிடிக்கிறோம். தோசைக்கு மட்டும் போன். தோசை கணக்கில் வராது.

மதியம் காதைப் பிடித்து இழுத்தால் தூக்கம் வருகிறது என்று அர்த்தம். உடனே படுக்க வை. தவறவிட்டால் சோபாவில் ஏறிக் குதித்துச் சிரிப்பான். "குழந்தைக்குத் தூக்கமே வரலை பார்" என்று மச்சான் கோல்ஸ் பார்க்குக்குத் தூக்கிக்கொண்டு போவார். அன்று ராத்திரி நீங்கள் இருவரும் விழித்திருக்கலாம், நல்ல பொழுதுபோக்கு.

மழைச் சத்தம் போடும் மெஷினைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பெங்களூரில் நிஜமாகவே மழை பெய்தால் ஜன்னலைச் சாத்து. நிஜ மழை மெஷின் மழைக்கு இடைஞ்சல்.

போன தடவை நீ மெஷினைத் தொடாமல், விளக்கணைத்து, அம்மாவின் பழைய நூல் புடவையைப் பக்கத்தில் போட்டு, பத்து நிமிஷத்தில் தூங்க வைத்தாயாம். நாலாயிரம் ரூபாய் மெஷினுக்கு இப்படியா அவமானம் செய்வது?

புடவையையும் அனுப்பியிருக்கிறேன். துவைத்துவிடாதே, வாசம் போனால் வேலை செய்யாது. முதல் வாரத்திலேயே அவன் பழகிவிடுவான். பழகியதும் புடவையைக் கூரியரில் திருப்பி அனுப்பு. நேற்றிலிருந்து எனக்குத் தூக்கமே வரவில்லை.

உன் தங்கை