ஒரு பில்லும் மூன்று குடித்தனமும்

ஒரே வீட்டில் குடியிருக்கும் பல குடும்பங்களுக்குள் மனஸ்தாபம் உண்டாவதற்குக் குழாயடி, மொட்டைமாடிக் கொடி, வாசலில் வண்டி நிறுத்தும் இடம் முதலிய புராதனமான காரணங்கள் எத்தனையோ இருந்தாலும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பஞ்சாங்கம் தவறாமல் வந்து சேரும் காரணம் மின்சார பில் ஒன்றுதான். திருவல்லிக்கேணியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு வாரியத்தின் இணைப்பு ஒன்றே, குடித்தனமோ மூன்று. கீழே தனியாக வசிக்கும் மாமி, நடுவே நானும் என் மனைவியும் இரண்டு பிள்ளைகளும், மேலே கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம் பார்க்கும் தம்பியும் அவருடைய மனைவியும். வீட்டுக்காரர் வேறு பேட்டையில் சுகமாக இருக்கிறார். ஆளுக்கு ஒரு சப்-மீட்டரும், தண்ணீர் மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்குமாக நாலாவது ஒன்றும் மாட்டிக் கொடுத்துவிட்டு, "இனிமேல் உங்களுக்குள் பேச்சே இருக்காது" என்று ஆசீர்வதித்துப் போனார். கணக்கு எழுதும் பொறுப்பு, பென்ஷன் வாங்குகிறவன் என்ற ஒரே யோக்யதையை முன்னிட்டு, என் தலையில் விழுந்தது.

சப்-மீட்டர் என்பது அடக்கமான ஜந்து. அதன் முகத்தில் சின்னஞ்சிறு சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டுச் சிமிட்டும். பக்கத்திலேயே, ஒரு யூனிட்டுக்கு 3200 சிமிட்டல் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். இதைக்கொண்டு மீட்டரைப் பரீட்சை செய்துவிடலாம். வீட்டில் மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு, ஆயிரம் வாட் வாட்டர் ஹீட்டர் கம்பியை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினால், நிமிஷத்துக்கு ஏறக்குறைய 53 சிமிட்டல் வரவேண்டும். இஸ்திரிப்பெட்டி இதற்கு உதவாது. அது சூடேறியதும் தானாக அணைந்து நம்மை ஏமாற்றிவிடும். நம் தெருவில் வோல்டேஜ் 230க்குக் கீழே இறங்கிவிட்டால் கம்பியும் ஆயிரம் வாட் இழுக்காது. 210 வோல்ட்டில் எண்ணிக்கை 44 அல்லது 45தான் வரும். அதற்காக மீட்டரைத் திட்டுவது தர்மமல்ல. ஆகையால், அதே கம்பியை அடுத்தடுத்து ஒவ்வொரு போர்ஷனிலும் போட்டு, மூன்று மீட்டர்களும் ஒரேமாதிரி சொல்கின்றனவா என்று பார்ப்பதுதான் விவேகம். நான் மாமியின் சமையலறையில் வாளியும் கடிகாரமுமாக நின்று எண்ணிக்கொண்டிருந்தபோது, அவர் ஜபம் என்று எண்ணி மரியாதையாக ஒதுங்கி நின்றார்.

மூன்று மீட்டரும் பரீட்சையில் தேறின. ஆனாலும் முதல் பில் வந்தபோது ஓர் அதிசயம் நிகழ்ந்தது. வாரியத்தின் மெயின் மீட்டர் 860 யூனிட் என்றது. எங்கள் சப்-மீட்டர்கள் நாலையும் கூட்டினால் 980 வந்தது. கூட்டுத்தொகை குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது, எவரோ கொக்கி போடுகிறார் என்று சமாதானம் சொல்லலாம். ரீடிங் எடுக்கும் தேதி முன்பின் ஆனாலும் கொஞ்சம் இடிக்கும். அதற்காகவே வாரியத்து ஊழியர் வந்து போன அதே மணிக்கு நாங்களும் எங்கள் மீட்டர்களைப் பார்த்துக் குறித்து வைத்திருந்தோம். 120 யூனிட் கூடுதல் என்றால், வீட்டுக்குள்ளேயே எங்கோ மின்சாரம் உற்பத்தியாகிறது என்றுதானே அர்த்தம்? மாமி உடனே, "பூஜை அறையில இருந்து வரதோ என்னவோ" என்றார்.

காரணத்தைக் கண்டுபிடித்தது ஓர் இரவு நேரத்தில். நான் என் போர்ஷனின் மெயின் ஸ்விட்சையே கீழே தள்ளிவிட்டு, இருட்டில் மீட்டர் முன் நின்றேன். ஒரு விளக்கு எரியவில்லை, ஒரு விசிறி சுற்றவில்லை. என் மீட்டரோ உற்சாகமாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. கூடவே 'எர்த்' என்று எழுதிய இன்னொரு விளக்கும் நிலையாக எரிந்தது. மேலே நோக்கி, "தம்பி, ஏ.சி.யைக் கொஞ்சம் அணையுங்கோ" என்று குரல் கொடுத்தேன். அணைத்தார், சிமிட்டலும் நின்றது. "போடுங்கோ." சிமிட்டல் தொடங்கியது. அவர் குளிர்காய்ந்த மின்சாரத்தை என் மீட்டரும் சிரத்தையாகப் பதிவு செய்துகொண்டிருந்தது!

விஷயம் இதுதான். இக்காலத்து மீட்டர், போகிற கம்பி வருகிற கம்பி இரண்டிலும் ஓடும் மின்சாரத்தை அளந்து, எது அதிகமோ அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். திருட்டைத் தடுக்க ஏற்பட்ட தந்திரம் இது. எங்கள் வீடு பழைய வீடு; என்றோ ஒரு புண்ணியவான் ஒயரிங் செய்தபோது, மாடிப்படி அருகே ஒரு ஜங்ஷன் பெட்டிக்குள் என் நியூட்ரல் கம்பியையும் மேல்மாடி நியூட்ரலையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றிவிட்டார். ஆகவே மேலே ஏ.சி. குடித்த மின்சாரம் திரும்பும்போது பாதி அவர் மீட்டர் வழியாகவும் பாதி என் மீட்டர் வழியாகவும் வந்தது. அவர் மீட்டர் போகிற கம்பியைப் பார்த்து முழுவதையும் எழுதிக்கொண்டது. என் மீட்டர் வருகிற கம்பியைப் பார்த்து அந்தப் பாதியையும் எழுதிக்கொண்டது. எலெக்ட்ரீஷியன் வந்து முறுக்கைப் பிரித்து, நியூட்ரல்களை அவரவர் மீட்டரோடு தனித்தனியே சேர்த்துக் கட்டினார். பிற்பாடு கூட்டல் சரியாக வந்தது. பூஜை அறையின் மகிமை குறைந்ததில் மாமிக்குச் சற்று வருத்தம்.

இவ்வளவும் யூனிட்டைப் பற்றிய சமாசாரம். யூனிட்டை அளந்துவிட்டால் நியாயம் தானே பிறந்துவிடும் என்று நம்பினவர்களுக்கு, அடுத்த பில் வேறொரு பாடம் வைத்திருந்தது. அந்த பில்லில் மொத்தம் சரியாக 900 யூனிட். 2022 செப்டம்பரில் வந்து அப்போது அமலில் இருந்த கட்டணப்படி முதல் நூறு இலவசம். மொத்தம் ஐந்நூறைத் தாண்டாத வீட்டுக்கு அடுத்த நூறு யூனிட் 2.25 ரூபாய், தாண்டிவிட்டால் அந்தச் சலுகை போய், 400 வரை 4.50, அப்புறம் 6, 8, 9, 10, ஆயிரத்துக்குமேல் 11 என்று ஏணிப்படியாக ஏறியது. எங்கள் பில் 5,550 ரூபாய். பொது மீட்டரை மூன்றாகப் பங்கிட்டுச் சேர்த்ததில் மாமிக்கு 140, எனக்கு 280, தம்பிக்கு 480 யூனிட்.

தம்பி சொன்னார்: "அங்கிள், சிம்பிள். பில்லை 900ஆல் வகுங்க. யூனிட்டுக்கு ஆறு ரூபாய் பதினேழு பைசா." கணக்கு சுத்தம். மாமிக்கு 863 ரூபாய், எனக்கு 1,727, அவருக்கு 2,960. மாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தனி இணைப்பு இருந்தால் 140 யூனிட்டுக்குத் தனக்கு எவ்வளவு ஆகியிருக்கும் என்று கேட்டார். நூறு இலவசம், மிச்சம் நாற்பதுக்குத் தொண்ணூறு ரூபாய். "தொண்ணூறுக்கும் எண்ணூத்தறுபத்துமூணுக்கும் நடுவுல இருக்கிற காசு என்னுதா, அவன் ஏ.சி.யோடதா?" என்று அவர் கேட்ட கேள்விக்கு நீதிமன்றத்தில் இருப்பவர்களாலும் சட்டென்று பதில் சொல்ல முடியாது. தனித்தனி இணைப்பாக இருந்தால் எனக்கு 585, தம்பிக்கு 1,605. மூன்றும் சேர்ந்து 2,280தான். பாக்கி 3,270 ரூபாய், நாங்கள் ஒரே மீட்டருக்குக் கீழே அன்போடு சேர்ந்து வாழ்வதற்கு விதித்த அபராதம்.

மாமியின் பிரேரணை, இந்தத் தனிக்கணக்கின் விகிதப்படி பில்லைப் பிரிப்பது. அப்படிப் பார்த்தால் மாமிக்கு 219, எனக்கு 1,424, தம்பிக்கு 3,907. நடுநிலை வகிப்பவனாகிய எனக்கும் இதுவே மலிவு என்பது நியாயதேவதை எனக்குத் தற்செயலாகக் காட்டிய சலுகை. ஆனால் ஒரு மாதம் மாமி காசிக்குப் போய் நூறு யூனிட்டுக்குள் நின்றுவிட்டால், அவர் பங்கு பூஜ்யம். மாடிப்படி விளக்குக்குக்கூட ஒரு பைசா தரவேண்டியதில்லை. தம்பி இதைச் சுட்டிக்காட்டியபோது அவர் குரலில் இருந்த கசப்பு அநியாயமானதென்று சொல்ல மாட்டேன்.

கடைசியில் மூன்றாவது வழி ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். ஏணியின் ஒவ்வொரு படியையும் மூன்றாகப் பிளந்து ஆளுக்கு ஒரு பங்கு தருவது: இலவசத்தில் 33 சொச்சம், 4.50 ரூபாய்ப் படியில் நூறு, ஆறிலும் எட்டிலும் முப்பத்துமூன்று சொச்சம், இப்படியே மேலே. மாமிக்கு 490, எனக்கு 1,650, தம்பிக்கு 3,797. இதில் ஒரு வேடிக்கை: வீடு முழுவதும் சேர்ந்து ஆயிரம் யூனிட்டை எட்டாதபோதும் தம்பி மட்டும் தம்முடைய குட்டி ஏணியின் உச்சிக்குப் போய் 11 ரூபாய் விகிதத்தைத் தொட்டுவிட்டார். இன்னொன்று, கூட்டினால் 5,937 வருகிறது. பில்லைவிட 387 ரூபாய் அதிகம். இது கூட்டல் பிழையல்ல. ஒருவர் தம் ஏணியில் கீழ்ப்படியை முழுக்க உபயோகிக்காமல் விட்டிருக்க, இன்னொருவர் மேல்படியில் நிற்பதால் வரும் மிச்சம். உபயோகம் ஏற்றத்தாழ்வாக இருக்கும்வரை இந்த முறையில் வசூல் பில்லுக்குக் குறையாது. எல்லோருடைய பங்கையும் நூற்றுக்கு ஆறரை வீதம் குறைத்தால் சரியாகிவிடும்: மாமி 458, நான் 1,543, தம்பி 3,549. ஒருவருக்கும் திருப்தியில்லை, எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். தனி இணைப்பு வாங்கித் தரும்படி வீட்டுக்காரருக்கும் சொல்லி அனுப்பினோம். செலவு யாருடையது என்று கேட்டு அனுப்பியிருக்கிறார்.

தண்ணீருக்கும் சப்-மீட்டர் மாட்டவேண்டும் என்று தம்பி ஆசைப்பட்டார். ஆனால் மாடித் தொட்டியிலிருந்து சமையலறைக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று, கக்கூஸுக்கு ஒன்று என்று ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனித்தனிக் குழாய் இறங்குகிறது. மூன்று குடித்தனத்துக்கு ஒன்பது மீட்டர் வேண்டும். தொட்டிக்கு நேர் கீழே உள்ள தம்பி வீட்டில் இப்போதே நூல்போல ஒழுகும் ஷவர், மீட்டரை வைத்தால் அதுவும் நின்றுபோகும். சொட்டுச் சொட்டாக ஒழுகும் குழாயை மீட்டர் கவனிக்காது; தொட்டி காலியாகி மறுபடி நிரம்பும்போது குழாயில் ஓடும் காற்றையோ தண்ணீரென்று எண்ணிச் சுற்றிக் கணக்கெழுதும். மோட்டார் கரண்டுக்காகத்தான் அவர் கவலை என்றால் அதுவும் வீண்: ஒரு குதிரைச் சக்தி மோட்டார் ஆயிரம் லிட்டர் தொட்டியை அரைமணியில் நிரப்பினால் செலவு அரை யூனிட்டுக்குச் சற்று முன்பின், எங்கள் சராசரிப்படி மூன்று ரூபாய். பணம் போவது கோடையில் வரும் தண்ணீர் லாரிக்கு.

ஆகவே லாரிப் பணத்தை மட்டும் தலைக்கணக்காகப் பிரிக்கலாம் என்று முடிவாயிற்று: மாமி ஒன்று, தம்பி வீட்டில் இரண்டு, எங்கள் வீட்டில் நாலு, ஆக ஏழு. பள்ளிக்கூட லீவில் மாமியின் பெண்ணும் பேரன்களும் பெங்களூரிலிருந்து வருவார்களே என்று என் மனைவி நினைவுபடுத்தினாள். ஒரு வாரத்துக்குமேல் தங்கும் விருந்தாளிக்கு அரைத் தலை என்றோம். "அஞ்சு வயசுக்குள்ள குழந்தைக்கு பஸ்ஸிலேயே டிக்கெட் கிடையாதே" என்றார் மாமி. ஏற்றுக்கொண்டோம். அதன்மேல் தம்பி, பெரிய பேரனின் பிறப்புச் சான்றிதழைப் பார்க்க முடியுமா என்று மிகவும் பணிவாக விசாரித்தார்.